தொண்ணூற்று நான்கு அடி எங்கிருந்து வந்தது?

(இரண்டாம் ஆண்டு, கணினிப் பொறியியல்)



நம் பள்ளத்தாக்கில் பேப்பர் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் முதலில் தேடுவது சினிமாச் செய்தியை அல்ல, அணை மட்டத்தை. பெரியாறு எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு, வைகை எத்தனை அடி என்று டீக்கடையில் ஒருவர் சத்தம் போட்டுப் படிக்க, நாலு பேர் கேட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் அந்த எண்களை நம்பித்தான் இருக்கிறது. ஜூன் மாதம் முதல் போகத்துக்குத் தண்ணீர் கிடைக்குமா, நாற்றங்காலுக்கு விதையை ஊற வைக்கலாமா என்பதை அந்த ஒரு வரியை வைத்தே முடிவு செய்கிற வீடுகள் எத்தனையோ.

இவ்வளவு முக்கியமான எண்கள் ஒரு எக்ஸெல் ஃபைலின் தலைப்புக் கட்டத்தால் தடம் மாறிப்போன கதையைத்தான் இந்த மலரில் எழுதுகிறேன். நாளைக்கு நாம் எந்த அலுவலகத்தில், எந்த மில்லில் வேலைக்குப் போனாலும் இதே கட்டம் நம் முன்னால் வந்து நிற்கும்.

உத்தமபாளையம் பக்கம் ஒரு விவசாயிகள் குழு. அதன் செயலாளர் ஐந்து வருடமாக அணை மட்டத்தைத் தினமும் எக்ஸெல்லில் எழுதி வருகிறார். வருடத்துக்கு ஒரு ஃபைல். ‘ஜூன் முதல் தேதியில் பெரியாறு நீர்மட்டம், ஐந்தாண்டு சராசரி’ என்று ஒரு கணக்குப் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்பது அவர்களுடைய யோசனை. யாரோ ஒருவர் ஐந்து ஃபைலையும் சேர்க்க ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியூர் வேலைக்குப் போய்விட்டார். நிரல் ஓடியது. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. சராசரி 94 அடி என்று வந்தது.

ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துச் சொல் என்று அந்தத் தாளை என்னிடம் கொடுத்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அந்தக் குழுவினர் வயல்களில்தான் கூலி வேலை பார்க்கிறார். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வரை வந்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் என்றால் தூரம். தாளில் என்ன இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன்.

“தொண்ணூத்தி நாலா? ஜூன் மாசமா? நூத்தி நாலுக்குக் கீழ போனா டனல்லயே தண்ணி ஏறாதேடா. அப்புறம் எப்படி வருசா வருசம் நாத்துப் பாவுனோம்?” என்றார்.

அவர் சொன்னது சரி. முல்லைப் பெரியாறு அணையில் 104 அடிக்குக் கீழே உள்ள தண்ணீரைத் தேக்கடி சுரங்கம் வழியாக நம் பக்கம் எடுக்க முடியாது. சராசரியே 94 என்றால், அந்த ஐந்து வருடத்திலும் பெரும்பாலும் தண்ணீர் வந்திருக்கவே கூடாது. ஆனால் வந்திருக்கிறது, நெல்லும் விளைந்திருக்கிறது. ஆக, கணக்கு பொய். எங்கே பொய் என்று தேடுவதுதான் மிச்சம்.

ஃபைலைத் திறந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதல் வரிசையில் Periyar என்ற பெயர் மூன்று பத்திகளுக்கு மேலே ஒரே நீளப் பெட்டியாக, நடுவில் உட்கார்ந்திருந்தது. அடுத்த மூன்று பத்திகளுக்கு மேலே Vaigai. அதற்கு அடுத்த வரிசையில் ஒவ்வொரு அணைக்கும் Level, Inflow, Outflow. அதாவது நீர்மட்டம், வரத்து, திறப்பு. இடது ஓரத்தில் Date என்பது இரண்டு வரிசைக்கும் சேர்த்து உயரமான ஒரு பெட்டி. எல்லாம் `Merge & Center` பொத்தானை அமுக்கிச் செய்தது. நம் ரெக்கார்டு நோட்டில் ஸ்கேல் வைத்துப் போடுகிற அட்டவணை மாதிரியே இருந்தது.

இங்கேதான் விஷயம். நம் கண்ணுக்கு அந்த நீளப் பெட்டி மூன்று பத்திகளுக்கும் சொந்தம். எக்ஸெல்லுக்கு அப்படி இல்லை. B1, C1, D1 மூன்றையும் மெர்ஜ் செய்தால், மதிப்பு இடது மேல் மூலையில் உள்ள B1-ல் மட்டும்தான் இருக்கும். C1, D1 இரண்டும் காலி. பெட்டி அவற்றை மூடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. போர்வைக்கு அடியில் மூன்று பேர் படுத்திருப்பதாக நாம் நினைக்கிறோம், உண்மையில் ஒருவர்தான்.

போர்வையை விலக்கிப் பார்க்க ஒரு சுலபமான வழி, அந்தத் தாளை சி.எஸ்.வி. ஃபைலாகச் சேமித்து நோட்பேடில் திறப்பது. இப்படி இருக்கும். (குழுவின் ஃபைலில் உள்ள எண்களுக்குப் பதிலாக இங்கும் கீழேயும் விளக்கத்துக்காக எளிய எண்களை நானே வைத்திருக்கிறேன்.)

```
Date,Periyar,,,Vaigai,,
,Level,Inflow,Outflow,Level,Inflow,Outflow
01-06,121,100,300,56,210,72
```

முதல் வரியில் Periyar-க்குப் பிறகு வெறும் காற்புள்ளிகள். அவைதான் காலிக் கட்டங்கள். இரண்டாம் வரி காற்புள்ளியிலேயே தொடங்குகிறது, ஏனென்றால் Date மேல் கட்டத்தில் மட்டும்தான் இருக்கிறது. ஏழு பத்திகள் உள்ள அட்டவணையில், முதல் வரியில் மூன்றே பெயர்கள். இரண்டாம் வரியில் ஆறு. எந்த வரியும் தனியாக முழுத் தலைப்பு ஆகாது.

இந்த ஃபைலை வாங்குகிற நிரல் என்ன செய்யும்? அது நிரலைப் பொறுத்தது. நம் சி லேபில் காற்புள்ளியால் பிரிக்க எல்லோரும் எழுதுகிற வரிகளையே எடுத்துக்கொள்வோம்.

```
p = strtok(line, ",");
while (p != NULL) {
    strcpy(name[n++], p);
    p = strtok(NULL, ",");
}
```

`strtok` தொடர்ந்து வரும் காற்புள்ளிகளை ஒன்றாகவே எண்ணும். நடுவில் உள்ள காலியை அது திருப்பித் தராது. ஆகவே முதல் வரியிலிருந்து Date, Periyar, Vaigai என்று மூன்று பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வரும். தரவு வரியிலோ ஏழு மதிப்புகள். முதல் மூன்றையும் வரிசையாகப் பொருத்தினால் Date = 01-06, Periyar = 121, Vaigai = 100. அந்த 100 வைகையின் மட்டம் அல்ல. பெரியாற்றுக்கு வந்த வரத்து! வைகை அணையின் முழு நீர்மட்டமே 71 அடிதான். 100 அடி என்றால் ஆண்டிபட்டிக்காரர்கள் மேட்டைத் தேடி ஓட வேண்டியதுதான்.

இது பார்த்தவுடன் பிடிபடுகிற தவறு, அதனால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் அன்றைக்கு வரத்து 60 கன அடியாக இருந்திருந்தால்? வைகை 60 அடி என்று வந்திருக்கும். ஒருவருக்கும் சந்தேகம் வராது. தலைப்பில் மட்டுமல்ல, தரவு வரியிலும் இதே கதைதான். ஒரு நாள் வரத்து எழுதாமல் காலியாக விட்டால், `strtok` அந்த இடத்தை விழுங்கிவிடும்; திறப்பு ஒரு இடம் இடதுபக்கம் நகர்ந்து வரத்தாக மாறிவிடும். அந்த வரியில் அதற்குப் பிறகு உள்ள எல்லாமே ஒரு வீடு தள்ளிக் குடிபோய்விடும்.

குழுவுக்கு எழுதப்பட்ட நிரல் பைத்தானில், பாண்டாஸ் கொண்டு எழுதியது. பாண்டாஸ் காலியை விழுங்காது. இடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பெயர் இல்லாத பத்திக்குத் தானே ஒரு பெயர் வைக்கும். முதல் வரிசையைத் தலைப்பு என்று சொன்னால் வருவது இது.

```
Date  Periyar  Unnamed: 2  Unnamed: 3  Vaigai  Unnamed: 5  Unnamed: 6
```

பத்திகள் நகரவில்லை, ஆனால் நான்கு பத்திகள் அனாதை. எழுதியவர் இதைப் பார்த்துவிட்டு, “கீழ் வரிசையில்தான் பெயர்கள் நிறைய இருக்கின்றன” என்று `header=1` என்று மாற்றியிருக்கிறார். (எண்ணிக்கை 0-வில் தொடங்குவதால் 1 என்பது இரண்டாம் வரிசை.) அப்போது வருவது இது.

```
Unnamed: 0  Level  Inflow  Outflow  Level.1  Inflow.1  Outflow.1
```

ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால், இரண்டாவதற்குப் பின்னால் .1 சேர்த்துக்கொள்வது பாண்டாஸின் பழக்கம். இப்போது பெயர் பார்க்க முழுமையாக இருக்கிறது. ஆனால் அணையின் பெயர் போய்விட்டது. Level எந்த அணை, Level.1 எந்த அணை? இடப்பக்கம் எது இருந்ததோ அது Level. இடம்தான் பெயர் என்று ஆகிவிட்டது.

அடுத்த நான்கு ஃபைலையும் திறந்து பார்த்தேன். மூன்று வருடம் பெரியாறு இடப்பக்கம். இரண்டு வருடம் வைகை இடப்பக்கம்! பேப்பரில் எந்த வரிசையில் வந்ததோ அந்த வரிசையிலேயே அந்த வருடத் தாளை வரைந்திருக்கிறார் செயலாளர். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. தாளைப் பார்க்கிற மனிதருக்கு மேலே பெட்டியில் பெயர் தெளிவாக இருக்கிறதே. ஆனால் நிரல் ஐந்து ஃபைலையும் பெயரைப் பார்த்துச் சேர்த்தது. Level-லோடு Level சேர்ந்தது. மூன்று வருடத்துப் பெரியாறும் இரண்டு வருடத்து வைகையும் ஒரே பத்தியில் ஒன்றாகக் கலந்தன.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்று வருடம் பெரியாறு 118, 130, 121. மற்ற இரண்டு வருடங்களில் பெரியாறு 127, 114; ஆனால் Level பத்தியில் வந்து உட்கார்ந்ததோ வைகையின் 49, 52. கூட்டினால் 470, ஐந்தால் வகுத்தால் 94. சரியான எண்களைக் கூட்டினால் 610; சராசரி 122. இருபத்தெட்டு அடி வித்தியாசம். 122 என்றால் சுரங்கத்துக்கு மேலே பதினெட்டு அடித் தண்ணீர். 94 என்றால் சுரங்கத்துக்கு ஒன்றுமே இல்லை. அந்தத் தாளை நம்பி ஒருவர் நாற்றங்காலைத் தள்ளிப்போட்டிருந்தால், நடவு தள்ளும். இரண்டாம் போகமும் தள்ளும். கூலிக்குப் போகிறவர்களுக்கு அந்த நாட்கள் வெறும் நாட்கள்.

சராசரி ஒரு நல்ல மூடி, தோழர்களே. உள்ளே இருக்கிற கலப்படத்தை அது மூடிவிடும். அதனால் இறக்குமதி முடிந்ததும் நான் இப்போது முதலில் பார்ப்பது ஒவ்வொரு பத்தியின் மிகக் குறைந்த மதிப்பையும் மிக அதிகமான மதிப்பையும்தான். அந்த Level பத்தியில் குறைந்தது 49, கூடியது 130. நம் ஊர் அணைகளைத் தெரிந்தவருக்கு இது போதும். வைகை 71 அடியைத் தாண்டாது. பெரியாறு, உச்ச நீதிமன்றம் 2014-ல் அனுமதித்த 142 அடி வரை தேங்கலாம். நாம் தண்ணீர் எடுத்துக்கொண்டிருக்கிற நாட்களில் 104-க்கு மேலேதான் இருந்தாக வேண்டும். 71-க்கும் 104-க்கும் நடுவில் நல்ல இடைவெளி. ஒரே பத்தியில் இடைவெளியின் இரண்டு பக்கமும் எண்கள் இருந்தால், அது ஒரு அணை அல்ல, இரண்டு.

இந்தச் சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு. பெரியகுளம் பக்கம் சோத்துப்பாறை அணையின் முழு நீர்மட்டம் 126.28 அடி. அதுவும் தாளில் இருந்து, அதன் பத்தி பெரியாற்றோடு மாறிப்போனால், 120 என்ற எண் இரண்டுக்குமே பொருந்தும். உயரம் காட்டிக் கொடுக்காது. வரத்தும் திறப்பும் தங்களுக்குள் மாறினாலும் அப்படித்தான். இரண்டுமே கன அடிக் கணக்கு, எந்த எண்ணும் பொருந்தும்.

வரத்து, திறப்புக்கு வேறொரு சோதனை இருக்கிறது. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. பெரியாற்றுக்கு விநாடிக்கு 100 கன அடி வந்து 300 கன அடி வெளியேறினால், விநாடிக்கு 200 குறைகிறது. ஒரு நாளில் 1 கோடியே 72 லட்சத்து 80 ஆயிரம் கன அடி குறைய வேண்டும். அப்படியானால் மட்டம் ஏறக் கூடாது, இறங்க வேண்டும். ஃபைலில் வரத்து 300, திறப்பு 100 என்று இருக்க, பத்து நாளும் மட்டம் இறங்கிக்கொண்டே போனால், தலைப்புகள் இடம் மாறியிருக்கின்றன என்று சந்தேகப்படலாம். ஒரு நாளை வைத்து முடிவு செய்யக் கூடாது. அந்த அளவு தண்ணீருக்கு மட்டம் அசைவது மிகக் கொஞ்சம். பத்து நாள் சேர்த்துப் பார்த்தால் திசை தெரியும்.

சரி, வைத்தியம் என்ன? ‘மெர்ஜ் பண்ணாமல் Center Across Selection போடு’ என்று சிலர் சொல்வார்கள். பார்வைக்கு அதே மாதிரி நடுவில் வரும். வரிசைப்படுத்தும்போது எக்ஸெல் முரண்டு பிடிக்காது. அது உண்மை. ஆனால் நம் நோய்க்கு அது மருந்து இல்லை. C1, D1 அப்போதும் காலிதான். பெயர் B1-ல் மட்டும்தான்.

சரியான வழி, ஒவ்வொரு பத்தியும் தன் முழுப் பெயரையும் தன் தலையிலேயே சுமப்பது. அதற்கு நான் செய்தது இவ்வளவுதான். முதல் இரண்டு வரிசைகளைத் தேர்ந்தெடுத்து `Merge & Center` பொத்தானை மறுபடி அமுக்கி, மெர்ஜை எடுத்துவிட்டேன். B1 முதல் G1 வரை தேர்ந்தெடுத்து, F5 அமுக்கி, `Special`, பிறகு `Blanks` கொடுத்தேன். காலிக் கட்டங்கள் மட்டும் தேர்வாகும். அப்படியே `=B1` என்று அடித்து Ctrl+Enter கொடுத்தால், ஒவ்வொரு காலிக் கட்டமும் தனக்கு இடப்பக்கம் உள்ள பெயரை எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு இரண்டாம் வரிசைக்குக் கீழே ஒரு புது வரிசை நுழைத்து, A3-ல் Date என்றும் B3-ல் கீழே உள்ள சூத்திரத்தையும் எழுதி, G3 வரை இழுத்தேன்.

```
=B1&"_"&B2
```

Periyar_Level, Periyar_Inflow என்று தொடங்கி Vaigai_Outflow வரை பெயர்கள் வந்துவிட்டன. மூன்றாம் வரிசையைப் பிரதி எடுத்து, அதே இடத்தில் மதிப்பாக மட்டும் ஒட்டிய பிறகுதான் மேல் இரண்டு வரிசையையும் அழிக்க வேண்டும். முதலிலேயே அழித்தால் சூத்திரத்துக்கு வேர் போய், பெயருக்குப் பதிலாக `#REF!` நிற்கும்.

ஐந்து ஃபைலுக்கும் இதைச் செய்ய அரை மணி நேரம் ஆனது. இப்போது எந்த வருடம் எந்த அணை இடப்பக்கம் இருந்தாலும் கவலை இல்லை. Periyar_Level, Periyar_Level-லோடு மட்டும்தான் சேரும்.

காலியை இடப்பக்கத்துப் பெயரால் நிரப்பும்போது ஒன்று கவனிக்க வேண்டும். எல்லாக் காலியும் மெர்ஜின் மிச்சம் என்று நினைக்கக் கூடாது. ஒரு தாளில் கடைசியாக, மேல் தலைப்பு இல்லாமல் ‘மழை’ என்று ஒரு பத்தி இருந்தது. நான் G1-ஓடு நிறுத்தாமல் H1 வரை நிரப்பியிருந்தால், அது ‘வைகை மழை’ ஆகியிருக்கும். ஆனால் அது செயலாளர் தன் தோட்டத்தில் அளந்த மழை.

எது மெர்ஜ், எது வெறும் காலி என்பதை மூல ஃபைல் மறப்பதில்லை. `.xlsx` என்பது உண்மையில் பல ஃபைல்களைச் சுருட்டி வைத்த ஒரு ஜிப். ஒரு பிரதி எடுத்து, பெயரின் பின்பகுதியை `.zip` என்று மாற்றித் திறந்தால், உள்ளே `xl/worksheets/sheet1.xml` இருக்கும். அதில் இப்படி ஒரு வரி கிடைக்கும்.

```
<mergeCell ref="B1:D1"/>
```

பெட்டி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. சி.எஸ்.வி.யாக மாற்றினால் இந்தச் சாட்சி அழிந்துவிடும். காற்புள்ளிகள் மட்டுமே மிஞ்சும். அதனால் யாராவது சி.எஸ்.வி. கொடுத்து ‘இதை ஏற்றிக்கொடு’ என்றால், மூல எக்ஸெல் ஃபைலையும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

திருத்திய கணக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். செயலாளர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாஞ் சரி தம்பி, ஆனா இந்தத் தலைப்பு ஒரே நீளமா அசிங்கமா இருக்கே. பலகையில ஒட்டுனா எவன் படிப்பான்?” என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். பெட்டி போட்ட தலைப்பு மனிதனுக்கு வசதி; அதனால்தான் உலகம் முழுவதும் போடுகிறார்கள். ஆகவே ஒரே ஃபைலில் இரண்டு தாள் வைத்தோம். ஒன்றில் ஒற்றை வரிசைத் தலைப்பு. தினமும் எழுதுவது அதில் மட்டும். இன்னொன்றில் அவர் விரும்பியபடி பெட்டிகள். அதன் எண்கள் முதல் தாளிலிருந்து சூத்திரத்தால் வருகின்றன. பலகைக்கு இரண்டாவது, நிரலுக்கு முதலாவது.

பலகையில் 122 என்று ஒட்டியிருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். “அது சரி. அதுதான் தண்ணி” என்றார்.